மாஸ்கோ மியூலுக்குச் செம்புக் குவளை அவசியமா? ஐந்து பாத்திரங்களும் ஒரு ஐஸ் கணக்கும்

கல்லூரி நாளிலிருந்து பழகிய நண்பன் ஒருவன் சென்னையில் மொட்டை மாடியோடு ஒரு வீடு பிடித்திருக்கிறான். ஆறு பேரைக் கூப்பிட்டு மாஸ்கோ மியூல் கலந்து கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வோட்கா, எலுமிச்சைச் சாறு, இஞ்சிக் காரமுள்ள நுரைபானமான ஜிஞ்சர் பியர், நிறைய ஐஸ், அவ்வளவுதான் அந்தப் பானம். போன வாரம் போனில் கேட்டான்: "டேய், செம்புல குடிச்சாதான் அது மியூலுன்னு சொல்றாங்க. ஆறு குவளை வாங்கப் போறேன். உள்ள வெள்ளையா பூச்சு போட்டது வாங்கவா, முழுச் செம்பா வாங்கவா?"

இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். செம்பில்தான் பானம் அதிகம் குளிரும் என்கிறார் ஒருவர், செம்பில் புளிப்பை ஊற்றினால் விஷம் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. எனவே முதலில் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொண்டு, பிறகு ஒவ்வொரு பாத்திரமாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் குளிர்ச்சி. இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. பானத்தை ஊற்றியவுடன் பாத்திரம் தானும் குளிர எவ்வளவு ஐஸைத் தின்னுகிறது என்பது ஒன்று. அதன் பிறகு வெளிச் சூட்டை எவ்வளவு வேகமாக உள்ளே விடுகிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் செம்பைப் பற்றிய பாதிக் கதைகள் பிறக்கின்றன.

இரண்டாவது, புளிப்புக்கு அந்த உலோகம் தாங்குமா என்பது. மூன்றாவது, நுரையும் வாசனையும். நான்காவது பராமரிப்பு: கழுவுவது, விளக்குவது, பூச்சு தேய்வது. விலைச்சீட்டில் தெரியாத செலவெல்லாம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடைசியாகக் கண்ணுக்கும் உதட்டுக்கும் கிடைக்கும் இன்பம். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. விருந்தில் கொடுக்கும் பானம் பார்வைக்கும் நன்றாக இருக்க வேண்டும்.

## செம்பு இந்தப் பானத்துக்குள் வந்த வழி

1939-ல் ஹியூப்லைன் என்ற மது நிறுவனத்தின் ஜான் மார்ட்டின், ஸ்மிர்னாஃப் வோட்காவின் அமெரிக்க உரிமையை 14,000 டாலருக்கு வாங்கினார். அன்றைய அமெரிக்கர்கள் விஸ்கியும் ஜின்னும் குடிப்பவர்கள், வோட்கா என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது. சரக்கு தேங்கியது. ஹாலிவுட்டில், சன்செட் சாலையில், காக் அண்ட் புல் என்ற உணவகத்தை நடத்திய ஜாக் மோர்கனிடமும் ஒரு தேக்கம் இருந்தது. அவர் தயாரித்த ஜிஞ்சர் பியர் விற்கவில்லை. 1941-ல் இருவரும் சேர்ந்து இரண்டு சரக்கையும் ஒரே குவளையில் ஊற்றினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. செம்புக் குவளை எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உலவுகின்றன.

1948-ல், எடுத்தவுடனே படத்தைக் கையில் தரும் போலராய்டு கேமரா சந்தைக்கு வந்த பிறகு, மார்ட்டின் அதைத் தூக்கிக்கொண்டு பார் பாராகப் போனார் என்பார்கள். பார் ஊழியரின் கையில் செம்புக் குவளையைக் கொடுத்து இரண்டு படம் எடுப்பார். ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டு மற்றதை அடுத்த பாரில் காட்டுவார். படத்தில் குவளையைப் பார்த்தவுடனே இன்ன பானம் என்று தெரிய வேண்டும், அதுதான் நோக்கம். ஆகவே செம்பு இந்தப் பானத்தின் முகமாக வந்தது. அதனால் சுவைக்கும் நன்மை உண்டா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

## ஐஸ் கணக்கு

சென்னையில் ஒரு மாலை, வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பாத்திரமும் 30 டிகிரியில் இருக்கிறது. ஐஸும் பானமும் அதை 0 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகினால் ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்.

உயரமான, அடி கனத்த கண்ணாடி ஹைபால் கிளாஸ் ஒன்று 300 கிராம் எடை என்று கொண்டால், அதைக் குளிர்விக்க ஏறத்தாழ 7,500 ஜூல் போகும். அதாவது 23 கிராம் ஐஸ் உருகித் தண்ணீராகும். 160 கிராம் செம்புக் குவளைக்குச் சுமார் 1,850 ஜூல் போதும், ஆறு கிராமுக்கும் குறைவான ஐஸ்தான். செம்புக் குவளை எடை குறைவாகவும் இருக்கிறது, ஒரு கிராமைக் குளிர்விக்கத் தேவையான வெப்பமும் கண்ணாடிக்கு ஆவதில் பாதிக்கும் கீழே. செம்பில் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது என்று சொல்பவர்கள் உணர்வது இதைத்தான். அது பிரமை இல்லை.

ஆனால் இதே கணக்கை நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்குப் போட்டுப் பாருங்கள். 90 கிராம் டம்ளருக்கு 1,350 ஜூல், நான்கு கிராம் ஐஸ். செம்பைவிடவும் குறைவு! எனவே இங்கே வேலை செய்வது பாத்திரத்தின் மெலிசு. செம்பு என்ற உலோகத்துக்கே உரிய மாயம் எதுவும் இதில் இல்லை.

அடுத்த பாதி, குளிர்ந்த பிறகு சூடேறும் வேகம். செம்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும், கண்ணாடியைப் போலப் பல நூறு மடங்கு. அதனால் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். நன்றாகக் கடத்தும் பொருள் எதையும் பிடித்து வைக்காது. வெளிச் சூட்டை அது தாராளமாக உள்ளே விடும். அப்படியானால் செம்பில் பானம் சீக்கிரம் சூடேற வேண்டுமே என்றால், அதுவும் பெரிதாக நடப்பதில்லை. வெப்பம் உள்ளே வரும் வழியில் சந்திக்கும் பெரிய தடை பாத்திரத்தின் சுவரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலம். அந்தத் தடையோடு ஒப்பிட்டால் மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியின் தடையே அற்பம். அதனால் ஒற்றைச் சுவர் பாத்திரங்கள், செம்போ கண்ணாடியோ எவர்சில்வரோ, மேசையில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஐஸை இழக்கும்.

கடலோர ஊரில் இன்னொரு எதிரி ஈரக்காற்று. குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும்போது தன் வெப்பத்தை விட்டுவிட்டுத்தான் படிகிறது. ஒரு கிராம் நீர் அப்படிப் படிந்தால் ஏறத்தாழ ஏழு கிராம் ஐஸை உருக்கும் அளவு வெப்பம் வெளியே வரும். வேர்த்து ஒழுகும் குவளை அழகாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு துளியும் உள்ளே ஐஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. இதைத் தடுப்பது இரட்டைச் சுவர் ஒன்றுதான்.

இனி இந்தக் கணக்கிலேயே எனக்கு முக்கியமாகப் படும் பகுதி. 120 மில்லி ஜிஞ்சர் பியரை அலமாரியிலிருந்து 30 டிகிரியில் எடுத்து ஊற்றினால் அதைக் குளிர்விக்க மட்டும் 44 கிராம் ஐஸ் போகும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்து எடுத்தால் ஆறு கிராம்தான். வித்தியாசம் 38 கிராம். கண்ணாடிக்கும் செம்புக்கும் இருக்கும் வித்தியாசமோ 17 கிராம். அறைச் சூட்டில் இருக்கும் 45 மில்லி வோட்காவும் தன் பங்குக்குச் சுமார் 15 கிராம் ஐஸைத் தின்னும், ஃப்ரீசரில் வைத்திருந்தால் அதுவும் மிச்சம். குவளைக்குச் செலவிடும் காசைவிட, முந்தின இரவே பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்திருப்பது பானத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் நன்மை செய்கிறது. குளிர்ந்த ஜிஞ்சர் பியர் நுரையையும் காக்கும். 30 டிகிரித் தண்ணீர் பிடித்து வைக்கும் கரியமில வாயு, 4 டிகிரித் தண்ணீர் பிடித்து வைப்பதில் பாதிகூட இல்லை. சூடான பாட்டிலைத் திறந்து ஐஸ் மேல் ஊற்றினால் பாதி நுரை அங்கேயே பொங்கிப் போய்விடும்.

## புளிப்பும் செம்பும்

பித்தளைச் சொம்பையும் குத்துவிளக்கையும் புளி போட்டு விளக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேதியியலைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கறுத்த படலம் புளியில் கரைந்து, உலோகம் பளிச்சென்று வெளியே வருகிறது. கரைந்ததெல்லாம் அந்தப் புளித் தண்ணீரில்தான் இருக்கிறது. ஈயம் பூசாத பித்தளையில் குழம்பையும் மோரையும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறும் என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதே காரணத்தால்தான். பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2-ஐ ஒட்டியது, ஜிஞ்சர் பியரில் உள்ள கரியமில வாயுவும் புளிப்பே. கலந்த பானம் மிகுந்த அமிலத்தன்மை உடையது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மாதிரி உணவு விதிகள், பிஎச் 6-க்குக் கீழே இருக்கும் உணவோடு செம்போ பித்தளை போன்ற செம்புக் கலவைகளோ நேரடியாகத் தொடர்பு கொள்ளக் கூடாது என்கின்றன. வினிகர், பழச்சாறு, வைன் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. 2017 ஜூலையில் ஐயோவா மாநில மதுபானத் துறை இதை நினைவூட்டி ஓர் அறிவிப்பு விட்டது. உள்ளே செம்பு தெரியும் குவளையில் மாஸ்கோ மியூல் பரிமாற வேண்டாம், நிக்கலோ எவர்சில்வரோ உள்பூச்சாக உள்ள குவளை என்றால் தடையில்லை என்பது அதன் சாரம். அந்தச் செய்தி உலகம் சுற்றியபோது, செம்புக் குவளை விஷம் என்ற தலைப்பாகச் சுருங்கிவிட்டது.

அளவைப் பார்ப்போம். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டும்போது முதலில் தெரிவது குமட்டலும் வயிற்றுக் கலக்கமும்தான். நன்றாக விளக்கிய குவளையில் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடத்தில் குடித்து முடிக்கும் ஒரு பானத்தால் ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரும் கேடு வரும் என்று நான் நினைக்கவில்லை. செம்பு கரைவது நேரத்தோடு கூடிக்கொண்டே போகும். அதனால் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விருந்துக்கு முன்பே பெரிய செம்பு ஜாடியில் எலுமிச்சைச் சாற்றோடு கலந்து இரண்டு மணி நேரம் வைப்பது, பேச்சு சுவாரஸ்யத்தில் குவளையை ஒரு மணி நேரம் கையிலேயே வைத்திருப்பது, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்த பழைய குவளையை அலசிவிட்டு ஊற்றுவது, இவைதான் தவிர்க்க வேண்டியவை. வில்சன் நோய் உள்ளவர்களின் உடலால் செம்பை வெளியேற்ற முடியாது. அவர்களுக்கு உள்ளே செம்பு தெரியும் பாத்திரமே கூடாது.

"ராத்திரி செம்புல தண்ணி ஊத்தி வெச்சு காலைல குடிக்கிறோமே" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. தண்ணீரின் பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கும். அந்தச் செம்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ராத்திரி முழுக்க வைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

## பூச்சில்லாத முழுச் செம்பு

பார்க்க இதைப்போல் அழகு வேறில்லை. உதட்டில் படும்போது ஐஸின் குளிர் அப்படியே வந்து தொடும். உள்ளே இருக்கும் பானம் கண்ணாடியில் இருப்பதைப்போல் அதே வெப்பநிலையில் இருந்தாலும், உதட்டின் சூட்டை உலோகம் உடனே இழுத்துக்கொள்வதால் கூடுதல் குளிராகத் தெரிகிறது. அந்த உணர்வுக்காகவே இதை விரும்புபவர்களை நான் புரிந்துகொள்கிறேன். கைப்பிடியும் இங்கே அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. 37 டிகிரி உடம்புச் சூடு மெல்லிய சுவர் வழியே உள்ளே போகாமல் இருக்க அதுதான் காப்பு.

மறைவான செலவு நிறைய. புதுக் குவளைகள் பலவற்றில் கறுக்காமல் இருக்க வார்னிஷ் போன்ற ஒரு நிறமற்ற பூச்சு அடித்திருப்பார்கள், முதல் முறை குடிக்கும் முன் விற்றவர் சொன்ன முறையில் அதை நீக்க வேண்டும். நீக்கிய பிறகு கறுக்கத் தொடங்கும். ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் உடனே கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. வெளிப்பக்கத்தை எலுமிச்சை மூடியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாம். உள்பக்கம் அப்படித் தேய்த்தால் நன்றாக அலசிய பிறகே ஊற்ற வேண்டும். மெலிதான செம்பு கீழே விழுந்தால் ஒடுங்கும்.

இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு குவளை குடித்து எழுந்துவிடுவீர்கள், விளக்குவதில் சோம்பல் இல்லை என்றால் இதை வாங்கலாம். ஆறு பேர் கூடிப் பல மணி நேரம் பேசும் விருந்துக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

## உள்ளே பூச்சுள்ள செம்பு

வெளியே செம்பு, உள்ளே எவர்சில்வர் அல்லது நிக்கல் அல்லது வெள்ளீயம். உள்பக்கம் வெள்ளி நிறத்தில் இருந்தால் அது இந்த வகை. புளிப்புப் பிரச்சினை தீர்ந்தது, வெளி அழகும் அப்படியே இருக்கிறது. குளிர்ச்சியிலும் முழுச் செம்புக்குக் குறைவில்லை, குவளை கனமாக இல்லாத வரை.

உள்ளே எவர்சில்வர் என்றால் கவலையே இல்லை. நிக்கல் என்றால், நிக்கல் நகை பட்டுத் தோல் தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. வெள்ளீயம் மென்மையானது, கம்பி நாரால் தேய்த்தால் சில மாதங்களில் செம்பு எட்டிப் பார்க்கும். ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்கும்போது வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று விசாரித்து வாங்குவோமே, அதே விசாரணை இங்கேயும் வேண்டும். தெருவில் ஈயம் பூசுபவரிடம் மறுபூச்சுக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனம். மறைவான செலவு அந்த மறுபூச்சுதான். உள்ளே சிவப்புத் திட்டு தெரிந்த நாளிலிருந்து அது பூச்சில்லாத செம்பு என்று கருதி நடந்துகொள்ள வேண்டும்.

செம்பு வேண்டும் என்று மனம் சொல்லிவிட்டது, விருந்துக்கும் வேண்டும் என்றால், எவர்சில்வர் உள்பூச்சுள்ளதே சரியான தேர்வு. உத்தரப் பிரதேச மாநிலம் மொராதாபாத்தில் செய்த இத்தகைய குவளைகள் நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன.

## செம்பு முலாம் பூசிய எவர்சில்வர்

கடைகளில் குறைந்த விலைக்குச் செம்புக் குவளை என்று கிடைப்பவற்றில் பல இந்த வகை. எவர்சில்வரின் மேல் மிக மெல்லிய செம்பு முலாம். உள்ளே வெள்ளி நிறமாக விட்டிருந்தால் பயன்பாட்டில் எந்தக் குறையும் இல்லை, புளிப்பும் தாங்கும். ஆனால் தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும். உள்பக்கமும் முலாம் பூசியிருந்தால் அதை வாங்க வேண்டாம். செம்பின் கரைசலும் வரும், சீக்கிரம் தேய்ந்து திட்டுத் திட்டாகவும் ஆகும்.

கண்டுபிடிக்க ஒரு வழி காந்தம். ஒட்டினால் உள்ளே இரும்பு சார்ந்த எஃகு, செம்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாவிட்டால் செம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நல்ல எவர்சில்வரும் பெரும்பாலும் ஒட்டாது. அடிப்பக்க விளிம்பில் சிறு கீறல் இருந்தால் அங்கே வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள்.

## கண்ணாடி ஹைபால்

மேலே போட்ட ஐஸ் கணக்கில் கண்ணாடி தோற்றது. ஆனால் கிளாஸை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் அந்தக் கணக்கே தலைகீழாகிறது. 0 டிகிரிக்குக் கீழே போன கனத்த கண்ணாடி, ஐஸைத் தின்பதற்குப் பதிலாகப் பானத்திலிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். இலேசான செம்புக் குவளையை ஃப்ரீசரில் வைத்தாலும் இந்த அளவுக்கு உதவாது.

நுரையில் கண்ணாடியே முதலிடம். உயரமாக, குறுகலாக இருப்பதால் பானத்தின் மேற்பரப்பு சிறியது, வாயு மெதுவாகத்தான் தப்பிக்கும். வழவழப்பான சுவரில் குமிழி பிறக்க இடம் குறைவு. உள்பக்கமும் சுத்தியலால் தட்டிக் குழி போட்ட குவளையில் கீறல்களிலிருந்து குமிழிகள் எழும்பிக்கொண்டே இருக்கும். வாசனையைப் பொறுத்தவரை அகன்ற வாய்க் குவளை மேல், மூக்கு உள்ளே போகும், இஞ்சி வாசனையும் எலுமிச்சை வாசனையும் நன்றாக வரும். சுவையில் கண்ணாடி எதையும் சேர்ப்பதில்லை, கழுவுவதும் எளிது. உடைவது ஒன்றுதான் அதன் செலவு. மொட்டை மாடித் தரையில் கண்ணாடி உடைந்து, வெறுங்காலோடு யாராவது நடந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## எவர்சில்வர் டம்ளர்

ஒற்றைச் சுவர் டம்ளர் ஐஸ் கணக்கில் முதலிடம், புளிப்பில் கவலையில்லை, வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. குறை ஒன்று, கைப்பிடி இல்லை. சுற்றிப் பிடித்த கையின் சூடு நேரே உள்ளே போகும், கையும் விறைக்கும். துணி உறை ஒன்று மாட்டினால் இரண்டும் தீரும்.

இரட்டைச் சுவர் டம்ளர் வேறு வகை. குளிர வேண்டியது உள்சுவர் மட்டுமே, வெளியே வேர்ப்பதும் இல்லை. ஈரம் மிகுந்த ஊரில் ஒரு மணி நேரம் மெதுவாகக் குடிப்பவருக்கு இதற்கு ஈடான பாத்திரம் இல்லை, செம்பு உட்பட. ஆனால் செம்பில் கிடைக்கும் அந்த உதட்டுக் குளிர் சற்றுக் குறையும், வெளியே கையில் குளிர்ச்சியே தெரியாது. சிலருக்கு அது பானத்தின் பாதி இன்பத்தை எடுத்துவிடும்.

| பாத்திரம் | தான் குளிரத் தின்னும் ஐஸ் | புளிப்பு | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| முழுச் செம்பு, 160 கிராம் | 6 கிராமுக்குள் | தாங்காது | விளக்குதல், களிம்பு, ஒடுங்கல் | சீக்கிரம் குடித்து முடிப்பவர் |
| எவர்சில்வர் உள்பூச்சுள்ள செம்பு | எடையைப் பொறுத்து, ஏறத்தாழ அதே | தாங்கும் | வெளியே விளக்குதல் | அழகும் வேண்டும் என்பவர் |
| செம்பு முலாம் | குறைவு | உள்ளே முலாம் இல்லையேல் தாங்கும் | முலாம் தேய்வது | எப்போதாவது விருந்து வைப்பவர் |
| கண்ணாடி, 300 கிராம் | 23 கிராம், ஃப்ரீசரில் வைத்தால் இல்லை | தாங்கும் | உடைவது, ஃப்ரீசர் இடம் | நுரை முக்கியம் என்பவர் |
| எவர்சில்வர், 90 கிராம் | 4 கிராம் | தாங்கும் | கை விறைப்பது | செலவில்லாமல் நல்ல பானம் வேண்டுபவர் |
| இரட்டைச் சுவர் எவர்சில்வர் | 6 கிராம் அளவில் | தாங்கும் | உதட்டுக் குளிர் குறைவு | மெதுவாகக் குடிப்பவர் |

## நண்பனுக்குச் சொன்னது

அவன் வீட்டு ஃப்ரீசர் சின்னது. ஆறு கிளாஸை வைத்தால் ஐஸுக்கு இடமிருக்காது, எனவே கண்ணாடி போயிற்று. ஆறு பேரும் பல மணி நேரம் பேசுபவர்கள், எனவே முழுச் செம்பும் போயிற்று. முலாம் தேய்ந்துபோகும் என்பதால் அதுவும் வேண்டாம். மீதி இரண்டு: எவர்சில்வர் உள்பூச்சுள்ள செம்பு, அல்லது வீட்டில் இருக்கும் டம்ளர். டம்ளரில் கொடு, மிச்சமாகும் காசுக்கு நல்ல ஜிஞ்சர் பியரும் கூடுதலாக ஒரு பை ஐஸும் வாங்கு என்றேன். மனைவிக்குச் செம்பு பிடிக்கும் என்றான். அப்படியானால் இரண்டே இரண்டு குவளை, உள்ளே எவர்சில்வர் உள்ளதாக, அவர்கள் இருவருக்கும் வாங்கட்டும். விருந்தினருக்கு டம்ளர்.

ஜிஞ்சர் பியரில் அவன் சிக்கல் பெரிது. கடையில் எளிதாகக் கிடைத்தது ஜிஞ்சர் ஏல். அது இனிப்பு மேலோங்கி, இஞ்சி மெலிதாக இருக்கும், மியூலுக்கு வேண்டிய காரம் வராது. இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, எலிஃபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் கடைக்குக் கடை கிடைக்கிறது. இங்கே கிடைக்காவிட்டால் வீட்டிலேயே சமாளிக்கலாம். இளசாக இல்லாமல் முற்றிய இஞ்சியாகப் பார்த்து இடித்துப் பிழிந்து, கால் மணி நேரம் தெளிய வையுங்கள். அடியில் வெள்ளையாகத் தங்குவது மாவு, அதை விட்டுவிட்டு மேல்சாற்றை மட்டும் எடுங்கள். ஒரு பானத்துக்கு 10 மில்லி இஞ்சிச் சாறு, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு 20 மில்லி, நன்றாகக் குளிர்ந்த சோடா 90 மில்லி.

சர்வதேச பார் ஊழியர் சங்கத்தின் அளவு 45 மில்லி வோட்கா, 120 மில்லி ஜிஞ்சர் பியர், 10 மில்லி எலுமிச்சைச் சாறு. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் லைம் என்பதற்கு நம் சின்ன எலுமிச்சையே சரி, அங்கே கிடைக்கும் பெரிய மஞ்சள் லெமனைத் தேட வேண்டியதில்லை. நல்ல சாறுள்ள பழமென்றால் அரை மூடியிலேயே 10 மில்லி கிடைக்கும், கொடுப்பதற்குச் சற்று முன் பிழியுங்கள். நம் ஊர் வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம், குறிப்புகளில் சொல்லும் 40-ஐவிடச் சற்றுக் கூடுதல், எனவே கைதவறி ஊற்ற வேண்டாம்.

முதலில் ஐஸ், டம்ளர் நிறைய. பெரிய கட்டிகளாக இருக்கட்டும், நொறுக்கியது சீக்கிரம் கரைந்து பானத்தைத் தண்ணீராக்கும். அதன் மேல் ஃப்ரீசரிலிருந்து வோட்கா, பிறகு எலுமிச்சைச் சாறு. கடைசியில் ஜிஞ்சர் பியரை டம்ளரைச் சாய்த்துச் சுவரோரமாக ஊற்றி, நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒருமுறை மேலே தூக்கிவிட்டால் போதும். சுழற்றிக் கலக்கினால் நுரை போய்விடும். முதல் வாயில் இஞ்சியின் காரம் தொண்டையில் ஏறாமல் இனிப்பு மட்டும் வந்தால் எலுமிச்சை போதவில்லை என்று பொருள், இன்னும் சில துளிகள் பிழிந்துவிட்டு அடுத்த டம்ளரை ஊற்றுங்கள்.